ஒரு வீட்டுக்கு 58 நொடி

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன. 15 மண்டலங்கள். தண்டையார்பேட்டை நான்காவது மண்டலம், 34-இல் தொடங்கி 48 வரை பதினைந்து வார்டுகள். வருடா வருடம் ரிப்பன் மாளிகையில் பட்ஜெட் வாசிக்கிறார்கள், திடக்கழிவு மேலாண்மைக்கு இத்தனை கோடி என்று மறுநாள் பேப்பரில் வருகிறது. ஆனால் என் வார்டின் குப்பைக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் நேரடியான பதில் கிடைக்காது. பணம் நகரக் கணக்கில் வருகிறது, மண்டலக் கணக்கில் பிரிகிறது. வார்டுக்கு வந்து சேரும்போது அது ரூபாயாக இருப்பதில்லை. இத்தனை வண்டி, இத்தனை ஆள், இத்தனை துடைப்பம் என்று மாறிவிடுகிறது.

நான் சாப்ட்வேர் வேலை பார்ப்பவன். ஒரு சிஸ்டத்தைப் புரிந்துகொள்ள எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பெரிய எண்ணை விட்டுவிட்டு, ஒரு சின்னத் துண்டை எடுத்து, அது எங்கே நேரத்தைத் தின்கிறது என்று பார்ப்போம். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒரு மாதிரி வார்டுக்கு நானே ஒரு குப்பை பட்ஜெட் போட்டேன். இது மாநகராட்சியின் கணக்கு இல்லை. ஊகங்கள் எல்லாம் என்னுடையவை. உங்கள் வார்டுக்கு எண்களை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கணக்கின் உருவம் பெரிதாக மாறாது.

*

வார்டில் 35,000 பேர் என்று வையுங்கள். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 8,750 வீடுகள். ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் குப்பை என்றால் வார்டு முழுக்க 21 டன். அதில் சரிபாதி ஈரக்குப்பை. நம் ஊர்க் குப்பை அப்படித்தான். சோறு, காய்த்தோல், வாழை இலை, மீன் செதில், தேங்காய் நார்.

இதை வாங்க ஒரு பேட்டரி வண்டிக்கு 300 வீடு என்று வைத்தால் 30 வண்டி வேண்டும். ரிப்பேருக்குப் போகும் வண்டிக்கு மாற்றாக இன்னும் மூன்று. வண்டிக்கு ஒருவர் வீதம் 30 பேர், தெரு பெருக்க 40 பேர், ஆக தினமும் களத்தில் 70 பேர் நிற்க வேண்டும். 70 பேர் நிற்க வேண்டுமென்றால் பதிவேட்டில் 70 பேர் போதாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, அப்போதே 82 ஆகிவிடுகிறது. காய்ச்சல், சாவு, கல்யாணம் எல்லாம் சேர்த்தால் 90. வார்டு கணக்குப் போடுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. களத்து எண்ணிக்கையை அப்படியே சம்பள எண்ணிக்கையாக எழுதிவிடுவார்கள். பிறகு எந்தத் திங்கட்கிழமையும் முழு வார்டுக்கும் வண்டி வராது. யாரும் வேலை செய்யவில்லை என்று எல்லோரும் திட்டுவோம்.

சம்பளம் மாதம் 23,000 ரூபாய். இந்த எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பக்கத்து மண்டலங்களான ராயபுரத்தையும் திரு.வி.க. நகரையும் தனியாரிடம் கொடுத்தபோது, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலுமாக உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தும் வரைக்கும் அங்கேதான் இருந்தார்கள். ஏறக்குறைய 23,000 வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் 16,000 அளவுக்கு இறங்கிவிடும் என்பது அவர்களுடைய முக்கியமான பயங்களில் ஒன்று. அந்த 23,000-த்தையே நான் வைத்துக்கொண்டேன். 90 பேருக்கு மாதம் 20 லட்சத்து 70 ஆயிரம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஒன்று இரண்டு லட்சம், ஐந்து வருட ஆயுள் என்று பிரித்து, பேட்டரி, டயர், சார்ஜ், ரிப்பேர் எல்லாம் சேர்த்தால் மாதம் 2.6 லட்சம். ஈரக்குப்பையில் 5 டன் உரக்கிடங்குக்குப் போகிறது என்றால், மீதி 16 டன்னைக் காம்பேக்டர் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்ட, டன்னுக்கு 1,500 வீதம் 7.2 லட்சம். உரக்கிடங்கில் ஆறு பேர், அரவை இயந்திரத்துக்குக் கரண்ட், மற்ற செலவு என்று 1.8 லட்சம். விழிப்புணர்வுக்கு இரண்டு பரப்புரையாளர்கள், கொஞ்சம் நோட்டீஸ் என்று அரை லட்சம்.

மொத்தம் மாதம் சுமார் 33 லட்சம். வீட்டுக்குப் பிரித்தால் நாளைக்குப் பன்னிரண்டரை ரூபாய். ஒரு டீ காசு. அதில் பெரும்பங்கு மனிதர்களின் சம்பளம். விழிப்புணர்வு நூற்றில் ஒன்றரை ரூபாய்.

இந்தத் தாளை யாரிடம் காட்டினாலும் அவர்களுடைய கண் ஒரே இடத்துக்குப் போகும். சம்பள வரி பெரிதாக இருக்கிறதே, அதைக் குறைக்க முடியாதா? நானும் குறைத்துப் பார்த்தேன். அதற்கு முன்னால், நாங்கள் ஆபீஸில் வேறொரு பட்ஜெட் போடுவதைச் சொல்ல வேண்டும். ஒரு பட்டனை அழுத்தினால் பக்கம் அரை நொடியில் திறக்க வேண்டும். அந்த அரை நொடியில் நெட்வொர்க்குக்கு இவ்வளவு, டேட்டாபேஸுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்போம். அங்கே காசு இல்லை, நேரம்தான் பணம். அதே கணக்கைக் குப்பை வண்டிக்குப் போட்டேன்.

*

காலை ஆறரைக்கு வருகைப் பதிவு, ஒன்றரைக்கு வேலை முடிவு. ஏழு மணி நேரம், அதாவது 420 நிமிடம். வருகைப் பதிவிலும் வண்டி எடுப்பதிலும் 20 நிமிடம். டீயும் டிபனும் 30. முந்நூறு வீட்டுக் குப்பை 720 கிலோ, ஒரு பேட்டரி வண்டி தாங்குவது அதில் பாதிதான். ஆக இரண்டு நடை கொண்டுபோய் இறக்க வேண்டும். நடைக்கு 40 நிமிடம் வீதம் 80. மீதி 290 நிமிடம். அதை 300 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 58 நொடி.

58 நொடியில் என்ன செய்யலாம் என்று பார்க்க, எங்கள் பகுதிக்கு வரும் அக்காவோடு மூன்று நாள் காலையில் நடந்தேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் தெரு சந்தாகும், சந்து முடுக்காகும். முடுக்குக்குள் வண்டி போகாது. அக்கா முனையில் நிறுத்திவிட்டு, விசில் ஊதி, உள்ளே நடந்து போய் வாளியை வாங்கிக்கொண்டு வருவார். ஹவுசிங் போர்டு பிளாக்கில் மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் வாளி இறங்கும். அது இறங்கும் வரை அண்ணாந்து பார்த்தபடி நிற்க வேண்டும்.

"இன்னா தம்பி, போனப் பாத்துக்கினே வர்ற? மேஸ்திரி அனுப்சாரா?" என்றார் முதல் நாள்.

இல்லக்கா, சும்மா நேரம் எழுதுறேன் என்றேன்.

"எழுது எழுது. யாரும் எழுதல அத்த."

நான் எழுதியது இது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நகர்ந்து, கூப்பிட, சுமாராக 20 நொடி. ஆள் வெளியே வர 15. வாளியை வாங்கி, எட்டிப் பார்த்து, பச்சைத் தொட்டியிலோ நீலத் தொட்டியிலோ கொட்டி, திருப்பிக் கொடுக்க 15. ஐம்பது ஆயிற்று. எட்டு நொடி மிச்சம்.

அந்த எட்டு நொடியில் அக்கா பேசுகிறார். ஒரு வீட்டில், "ஏம்மா, டயப்பர தனியா பேப்பர்ல சுத்திக் குடுன்னு சொன்னேன்ல." இன்னொரு வீட்டில், "பால் கவர அலசிட்டுப் போடு கண்ணு." மூலைவீட்டு அம்மா இரண்டு வாளியை ஒழுங்காக நீட்டினார். அந்த வீட்டைத் தாண்டியதும் அக்கா சொன்னார்: "இது முன்ன எல்லாத்தயும் ஒண்ணாக் கலந்து குடுக்கும். நாலு நாள் திருப்பிக் குட்த்தேன். வாங்க மாட்டேன்னுட்டேன். அஞ்சாம் நாளு தானே பிரிச்சிக்கினு வந்துச்சி."

என் தாளில் விழிப்புணர்வு என்ற வரியில் அரை லட்சம் எழுதியிருந்தேனே, அது நோட்டீஸுக்கும் இரண்டு பேர் சம்பளத்துக்கும் போகிற காசு. உண்மையான விழிப்புணர்வு நடப்பது வாசலில், அந்த எட்டு நொடியில். 300 வீடு, எட்டு நொடி என்றால் ஒரு வண்டிக்கு 40 நிமிடம். 30 வண்டிக்கு நாள்தோறும் 20 மணி நேரப் பேச்சு. இந்த வார்டின் மிகப் பெரிய பிரச்சாரம் சம்பள வரிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. இரண்டு பரப்புரையாளர்கள் எவ்வளவு நடந்தாலும் அதில் பாதியைத் தொட முடியாது. அவர்கள் பேசினால் ஜனங்கள் தலையாட்டுவார்கள். வாளியைத் திருப்பிக் கொடுக்கிற அதிகாரம் அக்காவிடம்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் பக்கத்து ஏரியா வண்டிக்கு டயர் போய்விட்டது. அந்தப் பக்கத்து இரண்டு தெரு அக்காவின் தலையில் விழுந்தது. அன்றைக்கு அவர் யாரோடும் பேசவில்லை. எட்டிப் பார்க்கவும் இல்லை. கையில் வந்ததை எந்தத் தொட்டி பக்கத்தில் இருக்கிறதோ அதில் கொட்டினார். மூலைவீட்டு அம்மா நீட்டிய இரண்டு வாளியும் ஒரே தொட்டிக்குள் போயின. அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கி வேற வழி இல்ல தம்பி. டைம் எங்க கீது?" என்றார் அக்கா.

நான்கு நாள் உழைத்துச் சம்பாதித்த பழக்கம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது. நான் மட்டும் ஏன் பிரிக்கணும் என்ற கேள்வி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு நாம் வைத்திருக்கும் ஆதாரம் பெரும்பாலும் இப்படி ஒரு காலையில் கண்ணால் பார்த்தது.

*

இப்போது சம்பள வரியைக் குறைக்கலாம். வண்டிக்கு 300 வீடு என்பதை 400 ஆக்குகிறேன். காகிதத்தில் இது ஒரே ஒரு செல்லை மாற்றுவது. 30 வண்டி 22 ஆகிறது. எட்டு வண்டி மிச்சம், விடுமுறை மாற்றாள் சேர்த்துப் பத்துப் பேர் மிச்சம். மாதம் 3 லட்சம் சேமிப்பு. எந்தக் கூட்டத்திலும் கைத்தட்டல் கிடைக்கும்.

நேரக் கணக்கில் என்ன ஆகிறது? 400 வீட்டுக் குப்பை 960 கிலோ. இரண்டு நடை போதாது, மூன்று வேண்டும். இறக்குவதற்கே 120 நிமிடம் போய்விடுகிறது. மீதி 250 நிமிடத்தை 400 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 37 நொடி. வீடு மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. நகர்ந்து கூப்பிடவும் ஆள் வரவுமே 35 நொடி வேண்டும். எட்டு நொடிப் பேச்சு முதலில் சாகும். அடுத்தது எட்டிப் பார்ப்பது. அடுத்தது காத்திருப்பது. விசில் ஊதிவிட்டு வண்டி நகரும். தவறவிட்டவர்கள் கவரில் கட்டி முனையில் வைப்பார்கள், நாய் கிழிக்கும், தெரு பெருக்குகிறவர் அதை மொத்தமாக வாரிப்போடுவார். அதாவது இங்கே சேமித்த வேலை பெருக்கும் வேலையாக அங்கே முளைக்கும்.

இதன் விலை உரக்கிடங்கில் தெரியும். வேறொரு ஊரில், ஒரு நண்பன் தயவில், நுண் உரக்கிடங்கு ஒன்றை நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெயர்தான் பெரியது. தகரக்கூரையின் கீழே, காற்றுப் புக ஓட்டை விட்ட செங்கல் தொட்டிகள் வரிசையாக இருக்கும். வந்த ஈரக்குப்பையைக் கொட்டி, பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, அரவை இயந்திரத்தில் போட்டு, சாணக்கரைசல் தெளித்துத் தொட்டியில் நிரப்புகிறார்கள். வாரம் ஒருமுறை புரட்டுகிறார்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் சலித்து எடுத்தால் உரம்.

அங்கிருந்த பெரியவர் ஒரு இரும்புக் கம்பியைத் தொட்டிக்குள் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு எடுத்து என் கையில் கொடுத்தார். பிடிக்க முடியவில்லை, சுட்டது. "இப்டி சுட்டா நல்லாருக்கு" என்றார். உள்ளே 55, 60 டிகிரி சூடு வர வேண்டும், அப்போதுதான் கிருமியும் களைவிதையும் சாகும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். ஒன்றிரண்டு சொட்டு கசிந்தது. தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம், காற்று உள்ளே போகாது, அழுகிய முட்டை நாற்றம் வரும். காய்ந்த இலையோ மரத்தூளோ சேர்க்க வேண்டும். கசியவே இல்லையென்றால் வேகாது, தண்ணீர் தெளிக்க வேண்டும். இதுதான் மொத்த விஞ்ஞானமும். இதற்கு எதிரி ஒன்றுதான்: கலந்து வரும் குப்பை. ஷாம்பு பாக்கெட்டும் நாப்கினும் உடைந்த பாட்டிலும் கலந்து வந்தால், ஆறு பேரும் காலை முழுக்கப் பொறுக்கிக்கொண்டே இருப்பார்கள். மதியத்துக்குள் அடுத்த வண்டி வந்துவிடும். மிச்சத்தை ஓரமாகக் குவிப்பார்கள். குவிந்தது நாறும். அக்கம்பக்கம் புகார் கொடுக்கும். பிறகு லாரியைக் கூப்பிட்டு மொத்தத்தையும் ஏற்றி அனுப்புவார்கள். கிடங்கு மூடப்பட்டதாக யாரும் அறிவிக்க மாட்டார்கள். பூட்டு தொங்காது. தொட்டி மட்டும் காலியாக இருக்கும்.

என் மாதிரி வார்டில் அப்படி நடந்தால், அந்த 5 டன்னைத் தினமும் லாரியில் ஏற்ற மாதம் 2.25 லட்சம் கூடுதலாகும். கிடங்குக்குச் செலவிடும் 1.8 லட்சத்துக்கு உரம் எதுவும் வராது. சேர்த்தால் 4 லட்சத்துக்கு மேல். சேமித்தது 3 லட்சம். கிடங்கு முழுக்கக் கெடவில்லை, பாதிதான் கெட்டது என்றாலும் இரண்டு லட்சம் போய்விடும். உரம் விற்ற காசு இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. 5 டன் ஈரக்குப்பை வற்றி, சலித்து, கையில் நிற்பது ஒரு டன் உரம்கூட இருக்காது. உரக்கிடங்கு லாபத்துக்காக நடத்தப்படுவதில்லை. லாரி ஏறாத ஒவ்வொரு டன்னும்தான் அதன் வருமானம்.

*

லாரி எங்கே போகிறது என்று வட சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நகரத்தின் வடக்குப் பாதிக் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. தெற்குப் பாதி பெருங்குடிக்கு. தண்டையார்பேட்டை மண்டலத்துக்கு அது தூரத்து ஊர் இல்லை, எங்கள் வீட்டுப் பின்கட்டு. காற்று திரும்பும் நாளில் மொட்டை மாடியில் துணி காயப்போட யோசிக்கிற அளவுக்குப் பக்கம்.

கொடுங்கையூரில் பல பத்தாண்டுகளாகக் கொட்டியதை இப்போது தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. பயோமைனிங் என்கிறார்கள். சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பைக்கு, சுமார் 640 கோடி ரூபாய்த் திட்டம். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். டன்னுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதாவது அன்றைக்கு ஒரு வண்டியில் கலந்து கொட்டிய ஒவ்வொரு டன்னுக்கும், அப்போது லாரி வாடகை கொடுத்ததற்கு மேல், இப்போது இன்னொரு தடவை ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோம். ஈரக்குப்பை மக்கி எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் திறந்த மேட்டில் மக்கும்போது அது கறுப்புச் சாறாக மண்ணுக்குள் இறங்கும், மீத்தேனாக எரியும். அதற்கு எந்த பட்ஜெட்டிலும் வரி கிடையாது, பக்கத்திலிருக்கிற மூச்சுக்குழாய்தான் கட்டுகிறது.

இந்த ஆயிரம் ரூபாயை என் தாளில் ஒரு வரியாகச் சேர்த்ததும் 37 நொடிக் கணக்கு பாதி கெட்டாலே முழுச் சேமிப்பையும் ஏறக்குறையத் தின்றுவிட்டது. அதற்கு முன்னால் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்ததற்குக் காரணம், செலவு வேறொரு தலைப்பில், வேறொரு வருடத்தில் விழுவதுதான்.

யார் வண்டி ஓட்டுகிறார்கள், மாநகராட்சியா தனியாரா என்பது இதற்கு அடுத்த கேள்வி. அதிலும் நாம் எதை அளக்கிறோம் என்பதுதான் விஷயம். சென்னையில் முதல் பெரிய தனியார் ஒப்பந்தம் 2000-இல் ஓனிக்ஸ் நிறுவனத்துக்குப் போனது. எடைக்குக் காசு. எடைக்குக் காசு என்றால் ஈரம், மண், கலப்பு எல்லாமே வருமானம், பிரிப்பது நஷ்டம். 2020-இல் ஏழு மண்டலங்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் எடையை விட்டுவிட்டு, வீடுதோறும் வாங்கினார்களா, பிரித்து வாங்கினார்களா என்பது போன்ற அளவீடுகளுக்கு மாறினார்கள். அது சரியான திசை. ஆனால் பிரித்தார்களா என்று டிக் அடிக்கச் சொல்லும் அதே தாளில் வீட்டுக்கு எத்தனை நொடி என்று எழுதாவிட்டால், டிக் வந்துகொண்டிருக்கும், தொட்டி காலியாகவே இருக்கும். சம்பளம் குறைந்து, வருடத்துக்குப் பாதிப் பேர் மாறுகிற வண்டியில் நான்கு நாள் வாளியைத் திருப்பிக் கொடுக்கும் தைரியமும் இருக்காது. எந்த வீடு கலக்கும், எந்த வீடு பிரிக்கும் என்று தெரிந்த ஆள்தான் அந்த எட்டு நொடியை உபயோகிக்க முடியும்.

2022 நவம்பர் முதல் தேதி உள்ளாட்சி தினத்திலிருந்து நகரங்களிலும் பகுதி சபா கூட்டம் நடக்கத் தொடங்கியது. எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு நான் ஒருமுறை போனேன். எல்லோரும் போல நானும் குப்பையைப் பற்றித்தான் பேசினேன், ஆனால் நாற்றத்தைப் பற்றிப் பேசவில்லை. மூன்று எண் கேட்டேன். ஒரு வண்டிக்கு எத்தனை வீடு? இன்றைக்குக் காலையில் எத்தனை வண்டி ஓடியது? நம் குப்பை போகும் உரக்கிடங்கில் போன மாதம் கரண்ட் பில் எவ்வளவு?

மூன்றாவதுக்குச் சிரித்தார்கள். கரண்ட் பில் எதுக்கு தம்பி என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். அரவை இயந்திரம் ஓடினால் மீட்டர் ஓடும் சார், எத்தனை டன் உரமாச்சுன்னு ரிப்போர்ட்ல என்ன வேணா எழுதலாம், மீட்டர்ல எழுத முடியாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்து, மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தவரிடம், "அந்த மூணாவத விட்ராத, எழுதிக்கோ" என்றார்.